நிலவின் பிறைகள்: பாட வீடியோவுக்கு ஸ்கிரிப்ட் எழுதுவோர் கேட்டவை

கே: நிலவின் பிறைகள் பத்தி 6 நிமிஷ வீடியோ. ஸ்கிரிப்டை எதிலிருந்து தொடங்கறது?

விளக்கத்திலிருந்து வேண்டாம், கேள்வியிலிருந்து தொடங்குங்கள். "பிறை எதனால் வருகிறது? அ) பூமியின் நிழல் விழுவதால். ஆ) நிலவின் வெளிச்சப் பாதியை நாம் வெவ்வேறு பக்கமிருந்து பார்ப்பதால்." பல பிள்ளைகள் 'அ' என்பார்கள். அது ஏன் தவறு என்று காட்டுவதுதான் வீடியோவின் நடுப்பகுதி.

அதற்கு வளர்பிறை அஷ்டமியை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியன் மேற்கே மறையும் நேரத்தில் அரைநிலவு ஏறக்குறைய உச்சியில் நிற்கும். பூமியின் நிழலோ சூரியனுக்கு நேர் எதிரே, கிழக்குப் பக்கம் நீளும். உச்சியில் இருக்கும் நிலவை அது தொடவே முடியாது. இந்த ஒரு படம் போதும்.

எழுதும்போது அட்டவணையில் படம், குரல், திரை எழுத்து என்று மூன்று கட்டம் போடுங்கள். "நிழல் இந்தப் பக்கம்" என்று குரல் சொல்லும் அதே வரிசையில் அம்புக்குறியும் வரவேண்டும். அடுத்த வரிசையில் எழுதினால் எடிட் செய்பவர் பிந்தித்தான் போடுவார்.

கே: படத்தை அளவுப்படி வரையணுமா?

நிலவின் தூரம் பூமியின் விட்டத்தைப் போல சுமார் 30 மடங்கு. 1920 பிக்சல் அகலத் திரையில் பூமிக்கு 40 பிக்சல் கொடுத்தால் நிலவு 11 பிக்சல், இடைவெளி 1200. போனில் நிலவு ஒரு புள்ளிதான். அதனால் பெரிதாக்கிய படத்தில் பாடம் நடத்தி, 'அளவுப்படி அல்ல' என்று எழுதிவிட்டு, அளவுப்படியான படத்தைச் சில விநாடி மட்டும் காட்டுங்கள். சூரியக் கதிர்களை இணைகோடுகளாகப் போடுங்கள். சூரியனைப் பக்கத்தில் வரைந்து கதிர்களை விரித்தால் வெளிச்சப் பாதி கோணலாகிவிடும்.

இன்னொன்று: நம் ஊரில் மூன்றாம் பிறை பெரும்பாலும் படகு மாதிரி சாய்ந்து கிடக்கும். செங்குத்தான பிறையை மட்டும் வரைந்தால், மாலையில் வானத்தைப் பார்க்கும் பிள்ளை குழம்பும்.

கே: பேசறதை எல்லாம் திரையில எழுத்தாப் போட்டா காது கேளாத பிள்ளைக்கும் உதவுமே?

தேவை சரி, வழி சரியில்லை. அதற்கு வசன வரிகளைத் தனிக் கோப்பாகக் கொடுங்கள், வேண்டியவர்கள் போட்டுக்கொள்வார்கள். திரை எழுத்து 'வெளிச்சப் பாதி' போல இரண்டு மூன்று சொல்லோடு நிற்கட்டும். திரையின் அடிப்பகுதியைக் காலியாக விடுங்கள், இல்லையென்றால் வசன வரி உங்கள் படத்தின் மேலேயே ஏறும்.

கே: எங்க வகுப்புல ஒரே டிவி, 40 பேர். 'நிறுத்தி யோசி'ன்னு போட்டா யாரும் நிறுத்தறதில்லை.

நிறுத்தத்தை வீடியோவுக்குள்ளேயே வையுங்கள். கேள்வியைக் குரல் ஒருமுறை வாசித்து முடித்தபின் 10 விநாடி குரலும் இசையும் இல்லாமல் எண் மட்டும் இறங்கட்டும். விடைக்கு முன்னால் அசையாத ஒரு திரை வேண்டும். இல்லையென்றால் ரிமோட்டைத் தேடுவதற்குள் விடை வந்துவிடும். 10 விநாடி போதுமா என்பது வகுப்பைப் பொறுத்தது. கைதூக்கச் சொல்லி எண்ணுவதென்றால் போதாது.

கே: நிழலே இல்லைன்னா சந்திர கிரகணம் எப்படி வருது?

நிழல் உண்டு, பிறைக்குக் காரணம் அது இல்லை. நிலவின் பாதை சுமார் 5 டிகிரி சாய்ந்திருப்பதால் பெரும்பாலான பௌர்ணமிகளில் நிலவு நிழலுக்கு மேலேயோ கீழேயோ தப்பிப் போகும். இதை இந்த வீடியோவில் சேர்க்க வேண்டாம் என்பது என் கட்சி. பிள்ளைகள் எப்படியும் கேட்பார்கள், ஒரு வரியாவது சொல்லிவிட வேண்டும் என்கிற ஆசிரியர்களும் உண்டு.