ரீசெட் துளையில் ஊசியை விடுவதற்கு முன்

கேள்வி: கொழும்பில் வாடகைக்கு வந்த வீட்டில் ரவுட்டர் ஏற்கனவே இருக்கிறது. வைஃபை வேலை செய்கிறது, ஆனால் முன்பு இருந்தவர் அட்மின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார். அவரைப் பிடிக்க முடியவில்லை. ரீசெட் செய்யலாமா?

செய்யலாம். ஆனால் முதலில் அது எந்தப் பெட்டி என்று பாருங்கள். மெல்லிய ஃபைபர் வயர் நேராக அதற்குள்ளேயே போகிறதா? அப்படியானால் தொடவேண்டாம். கம்பனி போட்ட செட்டிங் எல்லாம் அதில்தான் இருக்கும். ரீசெட் செய்தபின் சில பெட்டிகள் அவற்றைத் தானாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும், சிலவற்றுக்கு டெக்னீஷியன் வரவேண்டும். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைக் கொண்டு கம்பனிக்கு அழைப்பதே நல்லது.

வெள்ளவத்தையில் நான் எடுத்த அனெக்ஸில் இரண்டு பெட்டிகள் இருந்தன. சுவரில் ஃபைபர் பெட்டி, அதிலிருந்து ஒரு லேன் வயர், அந்த வயரின் முனையில் முன்பு இருந்தவர் விட்டுப்போன ரவுட்டர். இப்படி இருந்தால் ரீசெட் செய்யுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். ரவுட்டரின் WAN துளையில் இருக்கும் வயரைக் கழற்றி லேப்டொப்பில் செருகி, ஃபைபர் பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். லேப்டொப்பில் நெட் வந்தால் ஃபைபர் பெட்டியே லொகின் செய்கிறது என்று அர்த்தம், ரவுட்டரைப் பயமில்லாமல் ரீசெட் செய்யலாம். வராவிட்டால், இணைப்புக்கான PPPoE பெயரும் பாஸ்வேர்டும் பெரும்பாலும் ரவுட்டருக்குள்ளேதான் இருக்கும். ரீசெட் அவற்றை அழித்துவிடும், அப்புறம் வைஃபை வரும், நெட் வராது.

எனக்கு வரவில்லை. இணைப்பு வீட்டுக்கார அன்ட்டியின் பெயரில் இருந்ததால் அவரே அழைத்தார். கணக்கு இலக்கமும் அடையாள அட்டை இலக்கமும் கேட்டார்கள். PPPoE பெயரைச் சொல்லி, பாஸ்வேர்டைப் புதிதாக மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டையும் எழுதி வைத்த பிறகுதான் ஊசியை எடுத்தேன்.

ரவுட்டரில் கரண்ட் இருக்கும்போதே, சிம் ஊசியால் ரீசெட் பட்டனை 10 செக்கன் அளவில் அமுக்கிப் பிடிக்கவேண்டும். லைட் எல்லாம் அணைந்து திரும்ப எரிந்தால் சரி. சில மொடல்களில் அதே பட்டன்தான் பாஸ்வேர்ட் அடிக்காமல் வைஃபையில் சேர்க்கும் WPS பட்டனும், சும்மா தட்டினால் ரீசெட் ஆகாது. இரண்டு நிமிடம் விட்டு, லேன் வயரால் லேப்டொப்பை இணைத்து 192.168.1.1 அல்லது அடியிலுள்ள ஸ்டிக்கரில் இருக்கும் முகவரியைத் திறங்கள். அட்மின் பாஸ்வேர்டும் அந்த ஸ்டிக்கரிலேயே இருக்கும், புதிய மொடல்கள் உங்களையே ஒன்று வைக்கச் சொல்லும். WAN பக்கத்தில் PPPoE தெரிவுசெய்து விவரங்களைப் போடுங்கள்.

நான் போட்டும் நெட் லைட் சிவப்பாகவே நின்றது. பெயரில் @ குறிக்குப் பின்னால் வரும் பகுதியை விட்டிருந்தேன். அதையும் சேர்த்ததும் பச்சையானது.

பழைய பாஸ்வேர்டை ஊகித்துக்கொண்டிருப்பதைவிட ரீசெட்டையே நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு. முன்பு இருந்தவர் வெளியிலிருந்து உள்ளே வர வழி திறந்து வைத்திருந்தாலோ, தளங்களின் பெயரை வைத்து அவற்றின் இடத்தைக் காட்டும் DNS சேர்வரின் முகவரியை மாற்றியிருந்தாலோ, அந்த செட்டிங்கும் ரீசெட்டோடு போய்விடும்.