பல்லைப் பிடுங்க எந்தக் கிழமை?

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். கையில் போட்ட ஃபிஸ்டுலா சரியாக வராததால் கழுத்துக் குழாய் வழியாகத்தான் நடக்கிறது. ஒரு மாதமாகக் கடைவாய்ப் பல் சொத்தையாகி ஈறு வீங்கியிருக்கிறது. பிடுங்கினால் ரத்தம் நிற்காது, மரத்துப்போகும் ஊசியும் கிட்னிக்கு ஆகாது என்று இணையத்தில் பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது. டைக்ளோஃபெனாக்கும், வீட்டில் மீதமிருந்த அமாக்சிசிலின் 500 மூன்று வேளையும் கொடுக்கிறேன். வாய் நாற்றமும் அதிகம். என்ன செய்யலாம்?

பதில்: ரத்தம் நிற்கும். அதற்கு நாளைச் சரியாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நான் பயப்படுவது நீங்கள் காத்திருந்த அந்த ஒரு மாதத்தை நினைத்து.

கழுத்தில் இருக்கும் குழாயின் நுனி இதயத்தை ஒட்டி நிற்கிறது. சீழ் பிடித்த பல்லிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமி அந்தக் குழாயில் ஒட்டிக்கொண்டால் எளிதில் போகாது. இதய வால்வு வரைக்கும் போய்விடலாம். அதனால் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: குளிர் நடுக்கம். குறிப்பாக, டயாலிசிஸ் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் உடம்பு தூக்கிப்போடுகிற மாதிரி நடுங்கினால், உடனே அங்கேயே சொல்லி கிருமி இருக்கிறதா என்று பார்க்க ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுக்கச் சொல்லுங்கள். காய்ச்சல் 102-ஐத் தொடட்டும் என்று காத்திருக்க வேண்டாம். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு உடல் வெப்பம் பொதுவாகவே சற்றுக் குறைவு. 100 என்பதே இவருக்குப் பெரிய காய்ச்சல். வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கினாலோ, வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ சிரமப்பட்டாலோ கிழமையெல்லாம் பார்க்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

இப்போதைக்கு அப்படி எதுவும் இல்லையென்றால், பல் எடுக்க நல்ல நாள் செவ்வாய் அல்லது வியாழன், அதுவும் காலையில். டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுக்கிறார்கள். அதன் வேகம் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். ஆனால் கழிவு தேங்கிய ரத்தத்தில், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் மந்தமாகத்தான் வேலை செய்யும். டயாலிசிஸ் முடிந்த மறுநாள் கழிவும் குறைந்திருக்கும், ஹெப்பாரினும் இருக்காது. பல் மருத்துவர் குழியில் ஜெலட்டின் பஞ்சு வைத்துத் தையல் போடுவார். ரத்தக் கசிவை நிறுத்தும் டிரானெக்ஸாமிக் அமிலத்தில் நனைத்த துணியைக் கடிக்கச் சொல்வதும் உண்டு.

பலரும் கோட்டைவிடுவது அடுத்த நாளில்தான். என்னிடம் வரும் ஒரு அம்மாவுக்குச் செவ்வாய்க்கிழமை பல் எடுத்தார்கள். ஒரு சிக்கலும் இல்லை. புதன்கிழமை டயாலிசிஸில் யாரும் அதைச் சொல்லவில்லை, வழக்கமான ஹெப்பாரின் ஏறியது. அன்று இரவு தலையணை முழுக்க ரத்தம். ஆகவே புதன்கிழமை உள்ளே நுழைந்ததும், "நேற்று பல் எடுத்திருக்கிறது, ஹெப்பாரின் இல்லாமல் செய்ய முடியுமா?" என்று கேளுங்கள். முடியும், அடிக்கடி செய்வதுதான். வீட்டில் ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியை 30 நிமிடம் விடாமல் கடிக்கச் சொல்லுங்கள். நடுநடுவே எடுத்துப் பார்க்கக் கூடாது. அப்படியும் நிற்காவிட்டால் கிளம்புங்கள்.

சரி, மாத்திரைகளுக்கு வருவோம். டைக்ளோஃபெனாக்கை இன்றே நிறுத்துங்கள். "கிட்னிதான் போய்விட்டதே, இனி என்ன?" என்று பலர் நினைக்கிறார்கள். இவருக்கு இன்னும் கொஞ்சமாவது சிறுநீர் போகிறதென்றால் அது பெரிய சொத்து. அதையும் இந்த மாத்திரை அழித்துவிடும். தட்டணுக்களை இன்னும் மந்தமாக்கும், வயிற்றில் ரத்தக் கசிவையும் உண்டாக்கும். வலிக்குப் பாராசிட்டமால் 500 போதும், ஆறு மணி நேர இடைவெளியில்.

அமாக்சிசிலின் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிற மருந்து. மூன்று வேளை கொடுத்தால் இவர் உடம்பில் அது தேங்கும். டயாலிசிஸில் இருப்பவருக்கு வழக்கமாக ஒரு நாளைக்கு ஒரு 500 போதும். டயாலிசிஸ் நாளில் அது முடிந்த பிறகுதான், முன்னால் கொடுத்தால் இயந்திரம் இழுத்துக்கொள்ளும். அப்புறம், சீழ் இருக்கும் பல்லை விட்டுவிட்டு மாத்திரை மட்டும் போட்டால் வலி தணியும், சீழ் அங்கேயே இருக்கும். பல் எடுக்கும்போது எந்த ஆன்டிபயாட்டிக், எத்தனை நாள் என்பதை உங்கள் சிறுநீரக மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். ஆஸ்பிரின் போன்றவை சாப்பிடுகிறாரென்றால் அதையும் அவர்களிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மரத்துப்போகும் ஊசி? அதில் இருக்கும் லிக்னோகைனைக் கரைப்பது கல்லீரல், கிட்னி இல்லை. இணையத்தில் பார்த்ததை மறந்துவிடுங்கள். வாய் நாற்றத்தில் ஒரு பங்கு சொத்தைப் பல்லால், மறு பங்கு எச்சிலில் யூரியா அம்மோனியாவாக மாறுவதால். ஆபத்தில்லை.

அடுத்த டயாலிசிஸுக்குப் போகும்போதே மருந்துச் சீட்டுகளையும் ஹெப்பாரின் அளவையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் காலை பல் மருத்துவரிடம் முதல் ஆளாகப் போய் அதைக் கொடுங்கள்.