கத்தியுடன் அறுத்தாளா, கத்தியால் அறுத்தாளா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கிலச் சிறுகதை ஒன்றை மொழிபெயர்த்து, ஒரு நண்பரிடம் படிக்கக் கொடுத்தேன். ‘கத்தியுடன் கயிற்றை அறுத்தாள்’ என்று நான் எழுதியிருந்த இடத்தில் சிவப்புக் கோடு போட்டுவிட்டார். ஆங்கிலத்தில் ‘வித்’ என்றுதானே இருக்கிறது? எந்த முன்னிடைச்சொல்லுக்கு எந்தத் தமிழ் உருபு என்று ஓர் அட்டவணை தர முடியுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அட்டவணை தரமாட்டேன். அது உங்களை மறுபடியும் அதே இடத்தில் தடுமாற வைக்கும். நீங்கள் கேட்ட ‘வித்’ ஒன்றையே முழுமையாகப் பார்ப்போம்.

நீங்கள் எழுதிய வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் படிக்கிறவர் மனத்தில் வேறொரு காட்சி எழுகிறது. அவள் கையில் கத்தி இருக்கிறது, கயிற்றை வேறு எதனாலோ அறுக்கிறாள். கத்தி அங்கே வேலை செய்யவில்லை, உடன் இருக்கிறது, அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. பெயரோடு ‘உம்’ சேர்த்து, அதே வினையை அதற்கும் கொடுத்துப் பாருங்கள். ‘மகனோடு வந்தார்’ என்றால் மகனும் வந்தான். அது துணை; ஓடு, உடன் இரண்டும் பொருந்தும். ‘அவளும் அறுத்தாள், கத்தியும் அறுத்தது’ என்று சொல்ல முடியாது. ‘கத்தியைக் கொண்டு அறுத்தாள்’ என்று சொல்ல முடிகிறது. அது கருவி, அங்கே ஆல் வரவேண்டும்.

இந்தப் பிரிவு தமிழில் என்றைக்கும் இவ்வளவு கறாராக இருந்ததில்லை. தொல்காப்பியம் மூன்றாம் வேற்றுமைக்கு ‘ஒடு’ என்றே பெயர் வைத்து, கருவிப் பொருளையும் அதன்கீழ்தான் சொல்கிறது. ஆலும் ஓடும் இன்றும் இலக்கணத்தில் ஒரே வேற்றுமையின் உருபுகள். இன்றைய உரைநடை அவற்றுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டது. நாம் எழுதுவது இன்றைய உரைநடை.

உணர்ச்சியும் நோயும் வரும்போது ‘உம்’ சோதனை உதவாது. அங்கே காரணமா, நிலையா என்று கேளுங்கள். ‘காய்ச்சலுடன் வந்தான்’ என்றால் வரும்போது அவனுக்குக் காய்ச்சல் இருந்தது. ‘காய்ச்சலால் துடித்தான்’ என்றால் துடிக்க வைத்தது காய்ச்சல். இரண்டையும் ஆங்கிலம் ‘வித்’ என்றே சொல்லிவிடும். தமிழில் எழுதுகிறவர் முடிவு செய்தாக வேண்டும்.

ஒரு பொருள் யார் வசம் இருக்கிறது என்பதற்கும் ஆங்கிலம் இதே சொல்லைப் பயன்படுத்தும். அப்போது ‘சாவி என்னிடம் இருக்கிறது’ என்பதுதான் தமிழ். ‘என்னோடு இருக்கிறது’ என்றால் சாவி ஏதோ துணைக்கு வந்ததுபோல் ஆகிவிடும். ஆட்கள் வரும்போது இன்னும் நுட்பமாகிறது: ‘குழந்தை பாட்டியிடம் இருக்கிறது’ என்றால் பாட்டி பார்த்துக்கொள்கிறார், ‘பாட்டியோடு இருக்கிறது’ என்றால் இருவரும் சேர்ந்திருக்கிறார்கள். எனக்கு இந்த வேறுபாட்டின் மேல் தனிப் பிரியம் உண்டு.

மொழிபெயர்ப்பில் அதிகம் சறுக்கும் இடம் வேறு. ஓடு, உடன், ஆல் ஆகியவை வினையைத் தேடும் உருபுகள். ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் தொடர் பெயரின் மேலும் சாய்ந்து நிற்கும். தமிழில் அப்படி நிறுத்தினால் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். ‘தோட்டத்துடன் வீடு’ விளம்பரத் தலைப்புக்கு ஆகும், கதைக்கு ஆகாது. இடையில் ஒரு பெயரெச்சம் வேண்டும்: ‘தோட்டம் உள்ள வீடு’, ‘தோட்டத்துடன் கூடிய வீடு’. ‘நண்பனோடு பேச்சு’ என்பதும் ‘நண்பனுடனான பேச்சு’ அல்லது ‘நண்பனோடு பேசிய பேச்சு’ என்றாக வேண்டும்.

ஓர் ஆங்கில வாக்கியத்தில் ஒரு மனிதரின் நரைத்த தாடி, அவர் மகன், ஒரு சாவி மூன்றுக்கும் முன்னால் ‘வித்’ வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் உள்ளே வருகிறார், பெட்டியைத் திறக்கிறார். ஒவ்வொரு பெயரும் எதைப் பற்றி நிற்கிறது என்று முதலில் பாருங்கள். தாடி ‘மனிதர்’ என்ற பெயரைப் பற்றுகிறது, எனவே உருபு கிடையாது, ‘உள்ள’ போதும். மகன் ‘வந்து’ என்பதைப் பற்றுகிறான்; மகனும் வந்தான், எனவே ஓடு. சாவி ‘திறந்தார்’ என்பதைப் பற்றுகிறது. சாவியைக் கொண்டு திறந்தார், எனவே ஆல். ‘நரைத்த தாடி உள்ள மனிதர் மகனோடு உள்ளே வந்து, சாவியால் பெட்டியைத் திறந்தார்.’ மகனோடு வந்தாலும் எழுவாய் அவர் ஒருவரே. ‘திறந்தார்கள்’ என்று எழுதிவிடாதீர்கள்; அதற்கு ‘மனிதரும் மகனும்’ என்று தொடங்கியிருக்க வேண்டும்.

சண்டை வரும் இடத்தில் மட்டும் உருபு கைகொடுக்காது. ‘அவனோடு போரிட்டான்’ என்றால் எதிர்த்தா, தோள் கொடுத்தா என்று தமிழிலும் தெரியாது. கதையின் முந்தைய பக்கத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, ‘அவனை எதிர்த்து’ என்றோ ‘அவனோடு சேர்ந்து’ என்றோ எழுதுங்கள்.