இலையை விட்டு வரம்பைப் பார்த்த மொடல்

கேள்வி: நெல் இலை நோயைக் கண்டுபிடிக்கும் எங்கள் புறொஜெக்டில் சோதனைப் படங்களுக்கு 98 சதவீதம் சரியாக வருகிறது. வயலில் புதிதாக எடுத்த படத்தைக் கொடுத்தால் பாதிக்குப் பாதி பிழை. எங்கே பிசகியிருக்கும்?

படங்களைப் பிரித்த இடத்தில் பாருங்கள். கம்பஸ் இறுதியாண்டில் நாங்கள் மூன்று பேர் கிட்டத்தட்ட இதே புறொஜெக்டைச் செய்தோம். எங்களுக்கு 98.7 வந்தது. அன்று இரவு கொத்துரொட்டி வாங்கிக் கொண்டாடினோம், அது வேறு கதை.

காலபோகத்தில் 120 இலைகளை போனில் படம் எடுத்தோம். கை ஆடிவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொரு இலையையும் ஒன்பது தடவை எடுத்தோம். மொத்தம் 1,080 படங்கள். அவற்றைத் திருப்பியும் சுழற்றியும் நாலு மடங்காக்கினோம். அதன் பிறகுதான் எல்லாவற்றையும் கலக்கி, 80 சதவீதத்தைப் பயிற்சிக்கும் 20 சதவீதத்தைச் சோதனைக்கும் ஒதுக்கினோம்.

பிழை அப்படிக் கலக்கிப் பிரித்ததில்தான் இருந்தது. சுழற்றிய பிரதிகளை விட்டுவிட்டே கணக்குப் பாருங்கள். சோதனைப் பக்கம் வந்த ஒரு படத்துக்கு அதே இலையின் வேறு எட்டுப் படங்கள் உண்டு. அந்த எட்டில் ஒன்றுகூடப் பயிற்சிப் பக்கம் போகாமல் இருப்பதற்கான வாய்ப்பு 0.2-இன் எட்டாம் அடுக்கு, ஏறத்தாழ 4 இலட்சத்தில் ஒன்று. அதாவது சோதனையில் மொடல் பார்த்த இலைகள் எல்லாமே அது ஏற்கெனவே பார்த்த இலைகள். நோயைப் படிக்கத் தேவையே இல்லை, இலையை ஞாபகம் வைத்திருந்தால் போதும்.

எங்களை ஏமாற்றியது இன்னொன்று. பயிற்சி வளைவும் சோதனை வளைவும் ஒட்டிக்கொண்டே ஓடின. மொடல் பயிற்சிப் படங்களை மனப்பாடம் செய்யவில்லை என்ற அர்த்தத்தில் "ஓவர்ஃபிட்டிங் இல்லை" என்று அறிக்கையில் எழுதியும் விட்டோம். இரண்டு பக்கமும் ஒரே இலைகள் இருந்தால் வளைவுகள் எப்படிப் பிரியும்?

சந்தேகம் இருந்தால், ஒவ்வொரு சோதனைப் படத்துக்கும் மிக நெருக்கமான பயிற்சிப் படத்தைத் தேடி எடுத்து, இருபது சோடியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் சோடிகளில் இலையின் கிழிசல்கூட ஒன்றாக இருந்தது.

திருத்தம் சின்னது. மூலப் படங்களை இலை இலக்கத்தை வைத்து முதலில் பிரியுங்கள். சுழற்றுவதெல்லாம் அதன் பிறகு, பயிற்சிப் பக்கத்துக்கு மட்டும்.

```python
from sklearn.model_selection import GroupShuffleSplit
gss = GroupShuffleSplit(n_splits=1, test_size=0.2, random_state=7)
train_idx, test_idx = next(gss.split(files, labels, groups=leaf_id))
```

இப்படிச் செய்ததும் 91-க்கு இறங்கியது. சரி, இதுதான் உண்மை என்று நினைத்தோம். அதுவும் பொய்.

வட்டக்கச்சி வயல்காரர் ஒருவருக்கு லாப்டொப்பில் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தோம். "இது என்ர வரம்பு தம்பி. அது எங்கட மண் இல்லை, வேற எங்கையோ எடுத்திருக்கிறியள்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். ஒன்றுகூடப் பிழையில்லை. அவர் இலைகளைப் பார்க்கவே இல்லை.

அப்போதுதான் உறைத்தது. எரிபந்த நோய்ப் படங்கள் எல்லாம் அவருடைய வயலில், இலையை வரம்பில் வைத்து எடுத்தவை. கபிலப் புள்ளி நோய்ப் படங்கள் எல்லாம் முரசுமோட்டையில், தண்ணீர் நின்ற வயலில், உச்சி வெயிலில். நோயில்லாத இலைகள் முத்தையன்கட்டில் ஒரு மப்பான காலையில். ஒரு வயலுக்கு ஒரு வகை! இலையைச் சாம்பல் நிறத்தால் மறைத்துவிட்டு, பின்னணியை மட்டும் வைத்துப் புதிதாகப் பயிற்றினோம். அதற்கும் 84 வந்தது.

இது எங்களோடு மட்டும் நிற்கவில்லை. பலரும் பயன்படுத்தும் பிளாண்ட்வில்லேஜ் என்ற பயிர் இலைப் படத்தொகுப்பில், பின்னணியிலிருந்து எட்டே எட்டு பிக்ஸலை மட்டும் எடுத்து 38 வகைகளில் 49 சதவீதம் சரியாகச் சொல்ல முடிந்தது என்று 2022-இல் ஓர் ஆய்வு காட்டியது. குருட்டடியில் 3 சதவீதம்கூட வராது.

இந்த இடத்தில் மேலே தந்த கோட் உதவாது. வயலை வைத்துப் பிரித்தால், சோதனைக்குப் போன வயலோடு அந்த நோயே பயிற்சியிலிருந்து போய்விடும். படங்களைத் திரும்ப எடுப்பதைத் தவிர வழியில்லை. பரந்தனிலும் ஒட்டுசுட்டானிலும் ஒவ்வொரு வயலிலும் மூன்று வகையையும் தேடி எடுத்தோம். பழைய மொடல் அவற்றில் 57 வாங்கியது. மூன்று வகைக்குக் குருட்டடியே 33 என்பதை ஞாபகம் வையுங்கள்.

கடைசியில் ஆறு வயல்களின் புதிய படங்களை வைத்து, ஒவ்வொரு தடவையும் ஒரு வயலை முழுதாக வெளியே நிறுத்திச் சோதித்தோம். சராசரி 76. ஆனால் ஒரு வயலில் 64, இன்னொன்றில் 85. அறிக்கையில் ஆறு எண்களையும் அட்டவணையாகவே போட்டோம். வைவாவில் சேர் கேட்ட முதல் கேள்வி, "அந்த 64 எந்த வயல்?"