சேட் போட வேண்டாம்: மஸ்ட் நொட்டா, டோன்ட் ஹாவ் டுவா?

"கனடாவிலிருந்து வரும் மச்சான்மாருக்கு நல்லூர்க் கோயில் பற்றி 'மென் டோன்ட் ஹாவ் டு வெயார் ஷேர்ட்ஸ் இன்சைட்' என்று எழுதினேன். சரிதானே?"

பிழை. அதை வாசித்தால் சேட்டைக் கழற்றுவது அவரவர் விருப்பம் என்றுதான் விளங்கும். நல்லூரில் ஆண்கள் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும். ஆகவே 'மஸ்ட் நொட் வெயார்'.

குழப்பம் பெரும்பாலும் நம்முடைய 'வேண்டாம்' செய்கிற வேலை. 'சேட் போட வேண்டாம்' தடை. 'காசு தர வேண்டாம், நான் குடுத்திட்டன்' தேவையில்லை என்பது. போதாததற்கு மஸ்டும் ஹாவ் டுவும் சாதாரணமாக ஏறக்குறைய ஒன்றுதான். எதிர்மறை வந்ததும் பிரிந்துவிடும்.

எழுதியதன் பின்னால் 'விரும்பினால் செய்யலாம்' என்று ஒட்டிப் பாருங்கள். 'அர்ச்சனை செய்ய வேண்டாம், விரும்பினால் செய்யலாம்': பொருந்துகிறது, அப்போ டோன்ட் ஹாவ் டு. (அங்கே மஸ்ட் நொட் போட்டால் அர்ச்சனைக்கே தடை போட்டதாகிவிடும்!) 'சேட் போட வேண்டாம், விரும்பினால் போடலாம்': பொருந்தாது, மஸ்ட் நொட்.

இறந்தகாலத்தில் மட்டும் கவனம். 'நேற்றுச் சேட்டோடு உள்ளே விடவில்லை' என்பதற்கு மஸ்ட் நொட் உதவாது. 'வேர் நொட் அலவ்ட் டு' என்று எழுதுங்கள். 'டிடின்ட் ஹாவ் டு' என்றால் தேவை இருக்கவில்லை என்று மட்டுமே பொருள்.