கடைசி வேலை நாளில் டீமுக்கு ஒரு செய்தி: கேள்வி பதில்

கஞ்சிக்கோடு ஃபேக்டரியில ஸ்டோர்ஸ் வேலை. நாளைக்கு லாஸ்ட் டே. வாட்ஸப் குரூப்ல போட இதை எழுதி வச்சிருக்கேன், பார்த்துச் சொல்லுங்க: "நண்பர்களே 😭😭💔 இன்னையோட என் பயணம் முடியுது. எத்தனையோ பாலிடிக்ஸ் தாண்டி உங்களாலதான் இங்க தாக்குப் பிடிச்சேன் 😂 எல்லாருக்கும் நன்றி ❤️🌹🙏🙏🙏 மறந்துடாதீங்க 😘"
(கொழிஞ்சாம்பாறை)

மனசு நல்ல மனசு, எமோஜிதான் காலை வாருது. ஏழு வகை, மொத்தம் பத்து. படிப்பவர் கண் முதலில் 😭💔-இல் போய் நிற்கும். வேலை மாறுகிற சேதி துக்கச் சேதி மாதிரி ஆகிவிடும். 'பாலிடிக்ஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் 😂 போட்டதும் தப்பு. நீங்கள் சிரிக்கிறீர்கள், குரூப்பில் இருக்கும் சூப்பர்வைசர் 'யாரைச் சொல்றான்?' என்று யோசிப்பார். 🌹, 😘 இரண்டும் ஒருவருக்கு ஒருவர் அனுப்புவது. ஆணும் பெண்ணும் இருக்கிற வேலைக் குரூப்புக்கு வேண்டாம்.

இதைவிடப் பெரிய குறை, யாருக்கு எதற்கு நன்றி என்பதே இல்லை. அதைச் சொல்ல ஒரு வரி இருந்தால் எமோஜி தானாகக் குறையும். உங்கள் வேலையை வைத்து இப்படி மாற்றலாம்:

"எல்லாருக்கும் வணக்கம் 🙏
இன்னைக்கு எனக்கு இங்க கடைசி வேலை நாள். ஸ்டோர்ஸ்ல உங்களோட வேலை செஞ்சது சந்தோஷம். மார்ச் ஸ்டாக் எண்ணும்போது ராத்திரி வரை கூட நின்ன எல்லாருக்கும் தனி நன்றி.
நிலுவையில இருக்கிற ஜிஆர்என் லிஸ்ட்டை அடுத்து பார்க்கப் போறவர்கிட்ட கொடுத்தாச்சு, ஒரு காப்பி ஷேர் ஃபோல்டர்லயும் இருக்கு.
என் நம்பர் மாறாது. வாளையார் பக்கம் வந்தா கூப்பிடுங்க, டீ குடிக்கலாம் 😊"

இரண்டே எமோஜி: வணக்கத்தோடு ஒன்று, கடைசி வரியில் ஒன்று. நடுவில், ஒப்படைத்த கணக்கு வரியில் ஒன்றுகூட இல்லை. நாளைக்கு யாராவது 'அந்த லிஸ்ட் எங்கே' என்று தேடும்போது அந்த வரி வேலைத் தகவலாகத்தான் தெரிய வேண்டும். எமோஜியை வாக்கியம் முடிந்த பிறகு வையுங்கள். ஒரு சொல்லுக்குப் பதிலாக வைத்தால், பழைய போனில் அது வெறும் கட்டமாகத் தெரியும்போது வாக்கியமே உடைந்துபோகும்.

🙏 போடாதீங்க. அது ரெண்டு பேர் கை தட்டுற ஹை-ஃபைவ் படம்னு படிச்சிருக்கேன். வணக்கம்னு நினைச்சு நம்மாளுங்க தப்பா போடுறாங்க.
(பொள்ளாச்சி)

அப்படி ஒரு பேச்சு ரொம்ப நாளாகச் சுற்றுகிறது, சிலர் அப்படிப் பார்ப்பதும் உண்மை. ஆனால் யூனிகோடில் அதன் பெயரே கூப்பிய கைகள்தான். பாலக்காட்டிலும் கோவையிலும் தடாவிலும் அதை யாரும் கைதட்டலாகப் படிக்க மாட்டார்கள், தாராளமாகப் போடலாம். நீங்கள் சொன்னதில் பாதி உபயோகம் உண்டு. வெளிநாட்டு கிளையண்ட் டீமும் இருக்கிற மெயிலில் 🙏-க்குப் பக்கத்தில் நன்றியை எழுத்திலும் எழுதுங்கள், குழப்பம் இருக்காது.

மூன்று 🙏 வரிசையாகப் போடுவது வேறு விஷயம். நன்றி அல்ல, கெஞ்சல் மாதிரி இருக்கும்.

எங்க டீம்ல ஒருத்தர் வெள்ளிக்கிழமை போறார். அவருக்கு 💐 போடவா, 🎉 போடவா?
(செங்கோட்டை)

இங்கே பேசுவது போகிறவர் எழுதும் செய்தியைப் பற்றி. உங்கள் கேள்விக்கு: 💐 போடுங்கள். அவர் விருப்பத்தோடு போகிறார் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் 🎉. தெரியாத இடத்தில் அது 'தொலைந்தார்' என்று கொண்டாடுவது போல ஆகிவிடும்.

நாங்க தடா பக்கம். டீம்ல பாதி தெலுங்கு, மீதி தமிழ், மேனேஜர் ஹைதராபாத். மெயில் எந்த பாஷைல போடுறது? சாயங்காலம் அஞ்சரைக்கு அனுப்பினா போதுமா?
(கும்மிடிப்பூண்டி)

பேசும்போது ரெண்டு பாஷையும் கலந்து ஓடும், எழுத்து என்று வந்தால் அப்படி இல்லை. உங்களோடு தினமும் தமிழில் பேசும் தெலுங்குக்காரர் தமிழ் எழுத்தைப் படிப்பார் என்று நம்ப முடியாது. அதனால் பொது மெயில் இங்கிலீஷில், எட்டுப் பத்து வரிக்குள். நெருக்கமான நாலைந்து பேருக்குத் தனித்தனியாக அவரவர் பாஷையில் ரெண்டு வரி. பெரியவர்கள் பெயரோடு 'காரு' சேர்த்துக்கொள்ளுங்கள். மெயிலிலும் அது பொருந்தும்.

அஞ்சரை மணி ரிஸ்க். பல இடங்களில் கிளியரன்ஸ் கையெழுத்தானதும் லாகின் மூடிவிடும். அனுப்பியது போய்ச் சேர்ந்தாலும் வருகிற பதிலை உங்களால் பார்க்க முடியாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மூன்று மணிக்குள் அனுப்புங்கள், சொந்த மெயில் முகவரியையும் எழுதுங்கள். நிறையப் பேருக்குப் போகிறதென்றால் முகவரிகளை Bcc-யில் போடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு 'ஆல் தி பெஸ்ட்'டும் ரிப்ளை ஆல் ஆகி எல்லார் பெட்டியையும் நிரப்பும்.

மெயிலில் எமோஜி ஒன்று போதும், சப்ஜெக்ட் வரியில் வேண்டாம். இன்னொன்று: பழைய அவுட்லுக்கில் :) என்று அடித்தால் அது விங்டிங்ஸ் எழுத்துருவுக்கு மாறும். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் படிப்பவருக்கு வெறும் J என்ற எழுத்துதான் தெரியும். வாக்கியக் கடைசியில் காரணமில்லாமல் ஒரு J நின்றால் பெரும்பாலும் இதுதான். எமோஜி பலகையிலிருந்தே எடுத்துப் போடுங்கள்.

மேனேஜரோட சண்டையிலதான் பேப்பர் போட்டேன். அவரும் அந்த குரூப்ல இருக்கார். அவருக்கு நன்றி சொல்லணுமா? பொய்யா எழுத மனசு வரல.
(களியக்காவிளை)

பொய்யாக எழுத வேண்டாம். 'டீமில் எல்லாருக்கும்' என்று பொதுவாக நன்றி சொன்னால் அவரும் அதில் அடக்கம், அதுவே மரியாதைக்குப் போதும். ஆனால் மற்றவர்களைப் பெயர் பெயராகச் சொல்லி அவரை மட்டும் விட்டால், அந்த இடைவெளியைத்தான் எல்லாரும் படிப்பார்கள். ஒன்று யார் பெயரும் வேண்டாம், இல்லை அவர் பெயரும் சேரட்டும்.

உங்கள் செய்தியில் 🙂 போடாதீர்கள். சின்ன வயதுக்காரர்கள் பலர் அந்த லேசான சிரிப்பைக் குத்தலாகப் படிக்கிறார்கள், உங்கள் சண்டை தெரிந்தவர்கள் நிச்சயம் அப்படித்தான் படிப்பார்கள். கன்னம் சிவந்த 😊 போட்டால் அந்த வம்பில்லை. போகிற காரணத்தையும் எழுத வேண்டாம். கேட்பவருக்கு நேரில் சொல்லிக்கொள்ளலாம். அவருக்குத் தனியாக ஒரு வரி அனுப்புவதா என்பது உங்கள் மனசைப் பொறுத்தது. ரெஃபரன்ஸ் அவரிடம்தான் கேட்பார்கள் என்றால் அனுப்பிவிடுவதே நல்லது.

நீங்க மாத்தி எழுதினதுல ❤️-ஐ எடுத்துட்டீங்க. எங்க ஆபீஸ்ல சேச்சிமார் எல்லாரும் எல்லாத்துக்கும் ❤️தான் போடுறாங்க. 💛 ஓகேவா?
(கொழிஞ்சாம்பாறை, மறுபடியும்)

உங்கள் குரூப்பில் அது புழக்கத்தில் இருந்தால், அவர்கள் செய்திக்கு ரியாக்‌ஷனாக நீங்களும் ❤️ போடலாம். நீங்கள் எழுதும் செய்திக்குள் வேண்டாம் என்பது என் கணிப்பு. 💛 போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஒரு வசதி: வாட்ஸப்பில் அனுப்பிப் பதினைந்து நிமிஷம் வரை திருத்தலாம். குரூப்பை விட்டு உடனே வெளியேறாதீர்கள், மறுநாள் வரை பதில் வந்துகொண்டிருக்கும். அப்புறம் போனால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும்.