ஸ்கூல் வண்டிய வாங்கலாம், அதோட பர்மிட்ட வாங்க முடியாதுங்க

"வக்கீல் சார், கோபில ட்யூஷன் சென்டர் நடத்துறேன், என் பேர்லதான். ஒரு ஸ்கூல்ல ஓடுன 21 சீட்டு மினிபஸ்ஸ நாலரை லட்சத்துக்கு பேசி ஒன்றரை லட்சம் அட்வான்ஸ் குடுத்துட்டேன். அப்புறம் பாத்தா நடுவுல ரெண்டு பெஞ்சு வெல்டு வச்சிருக்காங்க. கேட்டா மரியாதை இல்லாம பேசுறாங்க. எஃப்சி, இன்சூரன்ஸ் எட்டு மாசம் இருக்கு, அதுவரைக்கும் எங்க பேர்லயே ஓட்டிக்கங்கங்கறாங்க. சீட்டிங் கேஸ் போடலாமா?"

அம்மணி, மரியாதை இல்லாம பேசுனதுக்கெல்லாம் கேஸ் நிக்காது, பெஞ்ச ஒரு வெல்டிங் பட்டறைல அரை நாள்ல அறுத்து எடுத்துரலாம், அத விடுங்க. mParivahan-ல வண்டி நம்பர போட்டு Vehicle Class-னு இருக்கற வரிய பாருங்க. Educational Institution Bus-னு இருக்கும். உங்க பிரச்சனை மொத்தமும் அந்த ஒரு வரிதான்.

மோட்டார் வாகனச் சட்டம் 2(11)ல அதுக்கு அர்த்தம் இருக்கு. வண்டி கல்வி நிறுவனத்துக்கு சொந்தமா இருக்கணும், அந்த நிறுவனத்தோட பசங்களையும் ஸ்டாஃபையும் மட்டும் ஏத்தணும். உங்க ட்யூஷன் பசங்க ஏறுன நிமிசமே அது பர்மிட்டுக்கு வெளிய ஓடற வண்டி, எஃப்சி எட்டு மாசம் இருந்தா என்ன எட்டு வருசம் இருந்தா என்ன. வண்டிய வாங்குனா பர்மிட்டும் கூடவே தானா கைமாறாது, ஆர்டிஓ அனுமதி வேணும்.

இப்படித்தான் காங்கேயம் பக்கத்துல இருந்து ஒருத்தர் வந்தாரு. ஸ்கூல் பேர்லயே ஆறு மாசம் ஓட்டிருக்காரு, ஒரு திருப்பத்துல வண்டி சாஞ்சு ஒரு பையனுக்கு கால் போச்சு. இன்சூரன்ஸ் கம்பெனி பர்மிட் மீறல்னு சொல்லிருச்சு, ட்ரிபியூனல் பே அண்ட் ரெகவர்னு ஆர்டர் போட்டுச்சு, அதாவது கம்பெனி பையனுக்கு பணத்த கட்டிட்டு ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கலாம், அதுக்கு தனியா கேஸ்கூட போட வேண்டியதில்ல, நேரா எக்ஸிக்யூஷன் போட்டு வசூல்தான். ஆர்சில பேர் இருக்கறவன்தான் ஓனர்னு 2018ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருக்கு, அதனால ஸ்கூல்தான மாட்டும்னு நம்மாளு நிம்மதியா இருந்தாரு. ஆனா வண்டி எடுக்கறப்ப 'இன்னிக்கு தேதில இருந்து ஆக்சிடென்ட், கேஸ் எல்லாம் என் பொறுப்பு'ன்னு ஒரு பேப்பர்ல கையெழுத்து போட்டிருந்தாரு, படிக்கவே இல்லயாம். ஸ்கூல் அத எடுத்து நீட்டுச்சு. கடைசில தோட்டத்துல ஒரு பாகத்த வித்துதான் கட்டுனாரு.

உங்ககிட்டயும் அந்த பேப்பர நீட்டுவாங்க, ஏற்கனவே போட்டிருந்தா ஒரு காப்பி கேட்டு வாங்குங்க. வண்டி அவங்க காம்பவுண்டுலயே நிக்கட்டும், சாவிய கைல வாங்காதீங்க.

கேஸ் போட்டா ஒன்றரை லட்சத்துக்கு வருசக்கணக்குல நடப்பீங்க. உங்க மாமா, ஊர் பெரியவருன்னு யாரையாவது கூட்டிட்டு போய் பேசுங்க, இருபதாயிரம் புடிச்சுட்டு மிச்சத்த குடுத்தாலும் வாங்கிட்டு, அக்ரிமென்ட் ரத்துன்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுட்டு வந்துருங்க. அவங்களுக்கும் அந்த பெஞ்சு வெளிய தெரிஞ்சா சங்கடம்தான், குடுத்துருவாங்க. வண்டி வேணும்னா உங்க பேர்ல பர்மிட் எடுக்கற மாதிரி 12+1 மேக்ஸி கேப் பாருங்க, அதுல ஆர்சில எத்தன சீட்டோ அத்தன பசங்கதான், ஒரு ட்ரிப்பு பத்தாட்டி ரெண்டு ட்ரிப்பு அடிங்க.